ஏழு நாள் சராசரி ஏன் உதைக்கிறது: வாரக் கிழமையோடு ஏறி இறங்கும் விளம்பர எண்களைப் படிக்கும்போது வரும் சிக்கல்களும் தீர்வும்

புதுச்சேரியில் சின்ன விடுதி நடத்துகிற யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். அறை நிரம்புவது சனி, ஞாயிறு. போன் அடிப்பது புதன், வியாழன், வெள்ளி. சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகக் காரில் வருகிறவர்களும், பெங்களூரில் வெள்ளி இரவு பஸ் ஏறுகிறவர்களும் அந்த மூன்று நாளில்தான் "ரூம் இருக்கா, என்ன ரேட்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருப்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள். அன்று இரவு விடுதி மேனேஜர் விளம்பர அறிக்கையைத் திறந்துவிட்டு நமக்கு போன் போடுவார்: "சார், விளம்பரம் நின்னுபோச்சா?"

இதற்கு மருந்தாகத்தான் ஏழு நாள் நகரும் சராசரியைச் சொல்கிறோம். இன்றையும் சேர்த்துக் கடைசி ஏழு நாளின் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்தால், எந்த நாளில் நின்று பார்த்தாலும் அதற்குள் ஒரு திங்கள், ஒரு வியாழன், ஒரு ஞாயிறு என்று எல்லாக் கிழமையும் ஒவ்வொன்று இருக்கும். கிழமையால் வரும் ஏற்ற இறக்கம் அதிலேயே அடங்கிவிடும். ஆனால் சராசரியைப் போட்ட பிறகும் குழப்பம் வருகிறது. அப்படி வரும் குழப்பங்களை அறிகுறி வாரியாக இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒயிட் டவுனில் உள்ள ஒரு விடுதியின் சாதாரண வாரம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு கையில் போடும்படி எண்களை நானே அமைத்திருக்கிறேன்.

| கிழமை | செலவு (ரூ.) | என்கொயரி |
|---|---|---|
| திங்கள் | 1,200 | 6 |
| செவ்வாய் | 1,200 | 8 |
| புதன் | 1,600 | 14 |
| வியாழன் | 1,900 | 18 |
| வெள்ளி | 1,700 | 15 |
| சனி | 1,200 | 6 |
| ஞாயிறு | 1,000 | 3 |

வாரத்துக்கு 70 என்கொயரி, 9,800 ரூபாய். ஒரு நாள் சராசரி 10. ஷீட்டில் A நெடுவரிசையில் தேதி, B-யில் செலவு, C-யில் என்கொயரி. முதல் வரி தலைப்பு. முதல் சராசரி எட்டாவது வரியில்தான் வரும். அதற்கு முன் ஏழு நாள் சேர்ந்திருக்காது.

```
=AVERAGE(C2:C8)
```

இதை D8-இல் போட்டுக் கீழே இழுத்துவிட்டால் போதும். இனி சிக்கல்கள்.

## அறிகுறி 1: சராசரி போட்ட பிறகும் கோடு வாரா வாரம் அலை அடிக்கிறது

ஒழுங்காகப் போட்ட ஏழு நாள் சராசரியில் வாரத் தாளம் தெரியக் கூடாது. கோடு மெல்ல ஏறலாம், மெல்ல இறங்கலாம். ஆனால் ஒவ்வொரு வியாழனும் மேடு, ஒவ்வொரு ஞாயிறும் பள்ளம் என்று திரும்பத் திரும்ப வந்தால், சராசரிக்கு எடுத்துக்கொள்ளும் நாள்களின் ஜன்னலுக்குள் சரியாக ஏழு நாள் இல்லை என்று அர்த்தம். வேறு எதையும் தேடுவதற்கு முன் அதை எண்ணிப் பாருங்கள்.

அதிகம் நடப்பது `C2:C9` என்று எழுதிவிடுவது. ஒன்பதில் இரண்டு போனால் ஏழு என்று மனசு கணக்குப் போடுகிறது. ஆனால் அதில் இருப்பது எட்டு கட்டம். எட்டு நாளில் ஏதோ ஒரு கிழமை இரண்டு தடவை வந்துவிடும். வியாழனில் முடியும் ஜன்னலில் இரண்டு வியாழன்: 88-ஐ எட்டால் வகுத்தால் 11. ஞாயிறில் முடியும் ஜன்னலில் இரண்டு ஞாயிறு: 73-ஐ எட்டால் வகுத்தால் 9.1. வியாபாரத்தில் எதுவுமே மாறவில்லை, கோடு மட்டும் வாரா வாரம் 11-க்கும் 9-க்கும் இடையே ஆடுகிறது.

அடுத்தது கொஞ்சம் மறைவானது: வரியே இல்லாத நாள். விளம்பரம் ஓடாத நாளுக்குப் பல அறிக்கைகளில் வரியே வராது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு லீவு, அன்றைக்கு விளம்பரத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இறக்கிய கோப்பில் சனிக்குக் கீழே நேராகத் திங்கள் இருக்கும். ஏழு வரி எடுத்தால் அது எட்டு நாள் நீளம். திங்களில் முடிந்தால் இரண்டு திங்கள் உள்ளே இருக்கும். வாரத்துக்கு 56 பேர் கூப்பிடுகிறார்கள் என்றால் உண்மையான சராசரி 8. ஆனால் 12 பேர் கூப்பிடுகிற திங்களில் இந்தக் கணக்கு 9.7 காட்டும், 7 பேர் கூப்பிடுகிற வெள்ளியில் 9 காட்டும். ஆட்டமும் இருக்கும், எல்லா நாளும் உண்மையைவிட மேலேயும் இருக்கும்.

"சரி, ஞாயிறுக்கு ஒரு வரி சேர்த்துவிட்டேன்" என்று கட்டத்தைக் காலியாக விட்டாலும் தீராது. `AVERAGE` காலிக் கட்டத்தை எண்ணுவதில்லை; 56-ஐ ஆறால் வகுத்து 9.3 என்று சொல்லும். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். எழுத்தாக உட்கார்ந்திருக்கும் எண்ணுக்கும் இதே கதிதான். கமா போட்ட தொகை, முன்னால் ஓர் இடைவெளியோடு ஒட்டிய எண் ஆகியவை பார்ப்பதற்கு எண் போலவே இருக்கும்; கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அடையாளம். பக்கத்தில் `=COUNT(C2:C8)` என்று போட்டுக் கீழே இழுங்கள். எங்கே 7 வரவில்லையோ அங்கே கோளாறு.

வரி விட்டுப்போகும் வாய்ப்பு இருக்கிற கணக்குகளுக்கு வரியை நம்பாமல் தேதியை நம்புவது நல்லது:

```
=SUMIFS(C:C,A:A,">"&(A8-7),A:A,"<="&A8)/7
```

A8-இல் உள்ள தேதியோடு சேர்த்துப் பின்னோக்கி ஏழு நாளுக்குள் எது இருந்தாலும் கூட்டி ஏழால் வகுக்கும். இல்லாத நாள் பூஜ்யமாகிவிடும். இது வேலை செய்ய A-யில் இருப்பது உண்மையான தேதியாக இருக்க வேண்டும். நம் ஊரில் நாள் முதலில், மாதம் பிறகு. கோப்பு அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்து வந்தால் 12-ஆம் தேதி வரை நாளும் மாதமும் இடம் மாறி உட்காரும். 13 முதல் ஷீட்டுக்குப் புரியாமல் எழுத்தாக நிற்கும். சில நாள் எண் மிகச் சிறியதாகவும் சில நாள் `#VALUE!` என்றும் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பக்கத்துக் கட்டத்தில் `=TEXT(A8,"ddd")` என்று கிழமையை வரவழைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

## அறிகுறி 2: இன்றைக்கு நன்றாகத்தான் வந்தது, சராசரி மட்டும் விழுகிறது

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், இதற்கான விடை தெரிந்தால் மற்றதில் பாதி தானாகவே புரியும்.

ஏழு சீட் உள்ள ஒரு ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒருவர் ஏறுகிறார், ஒருவர் இறங்குகிறார். ஏறுகிறவர் இன்று. இறங்குகிறவர் போன வாரம் இதே கிழமை. நடுவில் இருக்கும் ஆறு பேர் அசையவே இல்லை. ஆகவே நேற்றைய சராசரிக்கும் இன்றைய சராசரிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்:

```
=(C9-C2)/7
```

இன்றைய வியாழனிலிருந்து போன வியாழனைக் கழித்து ஏழால் வகுத்தது. சராசரி இன்று விழுந்தால், இந்த வியாழன் போன வியாழனைவிடக் குறைவு என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்லவில்லை. குறை இன்றைய நாளில் இருக்கலாம். அல்லது போன வியாழன் அளவுக்கு மீறி நன்றாக இருந்திருக்கலாம். கோட்டை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

2025 ஆகஸ்டை எடுத்துக்கொள்வோம். 15-ஆம் தேதி சுதந்திர தினம், வெள்ளிக்கிழமை. மறுநாள் 16, சனி. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். ஆக வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் தொடர் லீவு. அறை தேடுகிறவர்கள் வழக்கமாக வியாழனில் கேட்பதை அந்த வாரம் திங்களிலேயே கேட்கத் தொடங்கிவிடுவார்கள். வெள்ளியன்று எல்லாரும் வந்து சேர்ந்திருப்பார்கள், அறையும் இருக்காது. அதனால் வெள்ளியும் சனியும் கேள்வியே குறைவாக இருக்கும். நம் விடுதிக்கு அந்த வாரமும் அடுத்த வாரமும் இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

| கிழமை | ஆக. 11–17 | ஆக. 18–24 | அன்றைய 7 நாள் சராசரி (ஆக. 18–24) |
|---|---|---|---|
| திங்கள் | 16 | 6 | 12.6 |
| செவ்வாய் | 22 | 8 | 10.6 |
| புதன் | 24 | 14 | 9.1 |
| வியாழன் | 20 | 18 | 8.9 |
| வெள்ளி | 9 | 15 | 9.7 |
| சனி | 4 | 6 | 10.0 |
| ஞாயிறு | 3 | 3 | 10.0 |

17-ஆம் தேதி ஞாயிறு இரவு சராசரி 14. அதிலிருந்து நான்கே நாளில் 8.9-க்கு வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது வாரத்தின் எண்களைப் பாருங்கள்: 6, 8, 14, 18. முதலில் பார்த்த சாதாரண வாரத்திலிருந்து ஒன்றுகூட மாறவில்லை. லீவுக்கு முந்திய திங்கள், செவ்வாய், புதன் ஆகிய பெரிய எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின, அவ்வளவுதான்.

இன்னும் கவனித்தால், சாதாரண அளவான 10-இல் நிற்காமல் 8.9 வரை போனது ஏன் என்ற கேள்வி வரும். பெரிய எண்கள் இறங்கிவிட்டன, ஆனால் லீவு நாளின் வெள்ளியும் சனியும் (9, 4) இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. அவை போகும்வரை சராசரி சாதாரணத்துக்கும் கீழேதான் இருக்கும். அந்த வியாழனன்று, அதாவது வாரத்திலேயே அதிகம் பேர் கேட்ட நாளில், கோடு அடிமட்டத்தில் கிடக்கிறது. அன்றைக்கு யாராவது பதறிப்போய் பட்ஜெட்டைக் கூட்டி வைத்தால், வெள்ளியும் சனியும் கோடு தானாக ஏறும். "பாத்தீங்களா, பட்ஜெட் ஏத்தினதும் ஏறிடுச்சு" என்று பாராட்டு வேறு கிடைக்கும். பட்ஜெட்டுக்கும் அந்த ஏற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை.

செய்ய வேண்டியது: சராசரிக்குப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை, `=C9-C2`. போன வாரம் இதே கிழமையோடு வித்தியாசம். சராசரி கணிசமாக அசைந்தால் முதலில் அந்த நெடுவரிசையைப் பார்த்து, பிறகு C2 எந்த நாள் என்று பாருங்கள். அது லீவு வாரத்து நாளாக இருந்தால் விட்டுவிடலாம். தொடர் லீவு, பொங்கல், தீபாவளி, புத்தாண்டு ஆகியவற்றைத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். அந்த லீவின் கடைசி நாள் முடிந்து ஏழு நாள் ஆகும்வரை சராசரியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். லீவு நாளின் எண்ணையே ஷீட்டிலிருந்து நீக்கிவிடச் சிலர் சொல்வார்கள். அது எனக்குப் பிடிக்காது. மூன்று மாதம் கழித்து ஏன் மொத்தம் ஒத்துவரவில்லை என்று யாருக்கும் நினைவிருக்காது.

இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது. "அஞ்சு நாளா தொடர்ந்து குறையுது சார்" என்று சொன்னால் ஐந்து சாட்சி இருப்பது போலத் தோன்றும். அடுத்தடுத்த இரண்டு சராசரிகளில் ஏழில் ஆறு நாள் பொதுவானவை. ஒரே ஒரு மோசமான வியாழன் உள்ளே வந்துவிட்டால், அது இறங்கும்வரை ஏழு நாளும் கோட்டைக் கீழே பிடித்து வைத்திருக்கும். ஏழு புள்ளி தாழ்ந்திருக்கிறது, காரணம் ஒரு நாள்.

## அறிகுறி 3: விளம்பரத்தை மாற்றினேன், இரண்டு நாள் பறந்தது, அப்புறம் நின்றுவிட்டது

புதிய படம், புதிய வாசகம், வியாழன் காலையில் மாற்றியாயிற்று. உண்மையிலேயே நல்ல மாற்றம், எல்லாக் கிழமையிலும் என்கொயரி 20 சதவீதம் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். சராசரி 10-இலிருந்து 12-க்குப் போக வேண்டும். போகும், ஆனால் ஒரு முழு வாரம் எடுத்துக்கொள்ளும். அதுவும் சீராக ஏறாது.

வியாழன் 18-க்குப் பதில் 21 அல்லது 22 வரும், சராசரி 10.5. வெள்ளி 10.9. அடடா என்று இருக்கும். சனி 11.1, ஞாயிறு 11.2. "எஃபெக்ட் போயிடுச்சு போல." திங்கள் 11.4, செவ்வாய் 11.6, அப்புறம் புதனன்றுதான் 12. சனியும் ஞாயிறும் சின்ன நாள்கள். 6-இல் 20 சதவீதம் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல், 3-இல் ஒன்றுகூட இல்லை. மாற்றம் அதே அளவில்தான் வேலை செய்கிறது. கோடு வேகமாக ஏறுவதும் மெல்ல ஏறுவதும் எந்தக் கிழமை உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தது. இதே மாற்றத்தை சனிக்கிழமை செய்திருந்தால் முதல் மூன்று நாள் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றியிருக்கும். பொறுமை இல்லாதவர் செவ்வாய்க்குள் பழைய படத்தையே திரும்பப் போட்டிருப்பார்.

ஏழு நாள் சராசரி எப்போதுமே மூன்று நாள் பழைய செய்தி. ஏழு நாளின் நடு நாள் மூன்று நாளுக்கு முந்தியது. நேற்றுச் செய்த மாற்றத்தின் பலனை இன்றைய சராசரியில் தேடினால், அதில் ஐந்து நாள் பழைய விளம்பரத்தின் கணக்கு.

ஆகவே மாற்றம் செய்த தேதியில் ஷீட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதற்கு முன் முடிந்த ஏழு நாளும், பின் தொடங்கிய ஏழு நாளும் ஒன்றையொன்று தொடாதவை. அவற்றைத்தான் ஒப்பிட வேண்டும். நடுவில் வருகிற ஆறு சராசரிகளும் பழையதும் புதியதும் கலந்த கலவை, அவற்றைப் படிக்கவே வேண்டாம். முடிந்தவரை மாற்றங்களைத் திங்களிலேயே செய்யும் பழக்கம் நல்லது: ஞாயிறு இரவு முழு வாரம் முடிந்துவிடும், கணக்கும் மேனேஜருக்குச் சொல்ல எளிது.

அந்த இரண்டு வாரம் 70, 84 என்று வந்துவிட்டது, சரி, நம்பலாமா? இங்கேதான் வழுவழுப்பான கோடு ஏமாற்றுகிறது. ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாமல் வந்து கேட்கும் ஆட்களின் எண்ணிக்கை, எதுவுமே மாறாவிட்டாலும் வாரத்துக்கு வாரம் ஆடும். அந்த ஆட்டம் சுமாராக எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவு இருக்கும். 70-க்கு அது 8. இரண்டு வாரங்களின் வித்தியாசத்துக்கு, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 154-க்குச் சுமார் 12. நமக்குக் கிடைத்த வித்தியாசம் 14. சும்மா ஆடுவதாலேயே இவ்வளவு வரக்கூடும். நான்கு நான்கு வாரமாக எடுத்தால் 280-க்கு எதிராக 336. வித்தியாசம் 56, ஆட்டம் 25. இப்போது இரண்டு மடங்குக்கு மேல், கையெழுத்துப் போடலாம். வாரத்துக்கு 70 பேர் கேட்கும் விடுதிக்கு 20 சதவீத மாற்றத்தை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வாரத்துக்கு 700 வரும் கடைக்கு அது முடியும்.

## அறிகுறி 4: ஒரு என்கொயரிக்கான செலவு, வாரக் கணக்கோடு ஒத்துவரவில்லை

மேலே உள்ள சாதாரண வாரத்தில் 9,800-ஐ 70-ஆல் வகுத்தால் 140 ரூபாய். ஆனால் ஷீட் 174 என்கிறது. நாள்தோறும் செலவை என்கொயரியால் வகுத்து, அந்த ஏழு விடைகளுக்குச் சராசரி எடுத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை 1,000 ரூபாய்க்கு 3 பேர்: 333. வியாழன் 1,900-க்கு 18 பேர்: 106. இந்த இரண்டையும் சமமாக வைத்துச் சராசரி போட்டால் மூன்று பேர் கேட்ட நாளுக்கும் பதினெட்டு பேர் கேட்ட நாளுக்கும் ஒரே எடை கிடைத்துவிடுகிறது. ஞாயிறு ஒரே ஒரு ஆள் குறைந்து 2 ஆனால் அன்று ஓர் என்கொயரிக்கான செலவு 500. இந்தத் தப்பான சராசரி 174-இலிருந்து 198-க்குத் தாவும். உண்மையான கணக்கு 140-இலிருந்து 142-க்குத்தான் போகும். யாருமே கேட்காத நாள் வந்தால் `#DIV/0!` என்று ஷீட்டே கைவிரித்துவிடும். அதை மறைக்க அந்த நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் பணம் போனது, ஆள் வரவில்லை என்ற உண்மையே கணக்கிலிருந்து காணாமல் போகும்.

முதலில் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டி, கடைசியில் ஒரே தடவை வகுக்க வேண்டும்:

```
=IFERROR(SUM(B2:B8)/SUM(C2:C8),"")
```

கிளிக் சதவீதம், ஆயிரம் பார்வைக்கான செலவு என்று எந்த விகிதத்துக்கும் இதே முறைதான்.

செலவுக்கும் கிழமைத் தாளம் உண்டு என்பதைச் சிலர் கவனிப்பதில்லை. கூகுளில் தினசரி பட்ஜெட் 1,400 என்று வைத்தாலும், கேட்பவர் அதிகமான நாளில் பெரும்பாலான கேம்பெயின்களில் அதைப் போல இரண்டு மடங்கு வரை எடுத்துக்கொள்ளும். மாத மொத்தம் அந்த பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது. வியாழன் 1,900 போனதைப் பார்த்து "கூடுதலா எடுத்துட்டான்" என்று சண்டைக்குப் போக வேண்டாம். வாரக் கூட்டுத்தொகையைப் பாருங்கள்.

## அறிகுறி 5: கோட்டின் வால் எப்போது பார்த்தாலும் தொங்குகிறது

என்றைக்குத் திறந்தாலும் கடைசி மூன்று நான்கு நாள் சரிவு. அடுத்த வாரம் பார்த்தால் அந்தச் சரிவு நிரம்பியிருக்கிறது, புதிய நாள்கள் தொங்குகின்றன.

முதலில் எளிதானதைப் பாருங்கள். இன்றைய நாளும் கணக்கில் இருக்கிறதா? காலை பதினோரு மணிக்கு எடுத்த அறிக்கையில் இன்று என்பது அரை நாள்கூட இல்லை. ஜன்னலை நேற்றோடு முடியுங்கள்.

அதற்குப் பிறகும் தொங்கினால், காரணம் எண் எந்தத் தேதியில் எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. கூகுளில் `Conversions` என்ற நெடுவரிசை, ஆள் கேட்ட தேதியில் அல்லாமல், அவர் விளம்பரத்தை அழுத்திய தேதியில் கணக்கு வைக்கிறது. திங்களன்று அழுத்திப் பார்த்தவர் வீட்டில் பேசி முடிவெடுத்து வியாழனன்று முன்பதிவு செய்தால் அது திங்களின் கணக்கில் ஏறும். அதாவது வியாழன் வரை திங்களின் எண் முடிவானது அல்ல. போன் செய்து விசாரிப்பது அன்றே நடந்துவிடும், அதில் இந்தத் தொங்கல் சின்னது; பணம் கட்டிய முன்பதிவை எண்ணினால் பெரிதாக இருக்கும். ஆள் உண்மையில் செய்த நாளின்படி வேண்டுமானால் `Conversions (by conv. time)` என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளலாம். விடுதியின் முன்பதிவு நோட்டோடு ஒப்பிட அதுதான் சரி. செலவோடு வகுப்பதற்குப் பழையதே சரி, ஏனென்றால் செலவும் அழுத்திய நாளில்தான் விழுகிறது.

எத்தனை நாளை விட வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம். ஒரு திங்களன்று கடைசிப் பத்து நாளின் எண்ணைத் தனி ஷீட்டில் மதிப்பாக மட்டும் ஒட்டி வையுங்கள். அடுத்த திங்கள் அதே தேதிகளை மறுபடி இறக்கிப் பக்கத்தில் வையுங்கள். எந்தத் தேதிக்கு முன்னால் இரண்டும் ஒன்றாக இருக்கிறதோ, அதுவரைதான் நம்பகம். கடைசி நான்கு நாள் மாறியிருந்தால் நான்கு நாளை விட்டுவிட்டு, ஐந்தாம் நாளில் சராசரியை முடிக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: கணக்கைத் தொடங்கும்போது நேர மண்டலத்தை யாரும் பார்ப்பதில்லை. அது அமெரிக்க பசிபிக் நேரத்தில் இருந்தால் அவர்கள் நள்ளிரவு நமக்குப் பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை மணி. அறிக்கையில் வியாழன் என்பது நம் வியாழன் மதியம் முதல் வெள்ளி மதியம் வரை. ஏழு நாள் சராசரி இதனால் பெரிதாகக் கெடாது. ஆனால் விடுதியின் நோட்டோடு நாளுக்கு நாள் ஒத்துப் பார்த்தால் எதுவுமே பொருந்தாது.

## அறிகுறி 6: முப்பது நாள் சராசரி போட்டேன், அதுவும் ஆடுகிறது

முப்பதில் நான்கு வாரமும் இரண்டு நாளும் உண்டு. அந்த இரண்டு நாள் புதன், வியாழனா அல்லது சனி, ஞாயிறா என்பதைப் பொறுத்து ஆடும். நீளமாக வேண்டுமானால் 14 அல்லது 28. மாதத்துக்கு மாதம் ஒப்பிடும்போதும் இதே கோளாறு வரும்: ஐந்து வியாழன் உள்ள மாதம், நான்கு வியாழன் உள்ள மாதத்தைச் சும்மாவே முந்திவிடும்.

## அறிகுறி 7: சராசரி நன்றாக இருக்கிறது, வாரக் கடைசியில் அறை காலி

இதைச் சராசரியிடம் கேட்கவே கூடாது. கிழமை வித்தியாசத்தை மறைப்பதுதான் அதன் வேலை. வியாழன், வெள்ளியில் நான்கு நான்கு பேர் குறைந்து, திங்கள், செவ்வாயில் நான்கு நான்கு பேர் கூடினால் சராசரி 10-லேயே அசையாமல் நிற்கும். ஆனால் சனிக்கிழமைக்கு அறை கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கிழமை வாரியாக எவ்வளவு செலவழிப்பது, ஞாயிறு விளம்பரத்தை நிறுத்தலாமா என்ற கேள்விகளுக்கு வேறு அட்டவணை வேண்டும்: ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வரி, கடைசி எட்டு வாரத்துக்கு எட்டு நெடுவரிசை, லீவு வாரங்களுக்கு வேறு நிறம். ஞாயிறு வரியில் செலவை எட்டு வாரத்துக்கும் கூட்டி, என்கொயரியையும் கூட்டி, பிறகு வகுங்கள். நிறுத்துவதற்கு முன் விடுதி நோட்டில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: ஞாயிறு கேட்கிறவர்களில் எத்தனை பேர் வார நாளில் தங்க வருகிறவர்கள் என்று. செவ்வாயில் காலியாகக் கிடக்கும் அறைக்கு அந்த மூன்று பேர்தான் வாடிக்கை என்றால், 333 ரூபாய் கொடுத்தாலும் லாபம்தான்.